செய்தது, கண்டது, கேட்டது: பணிப்பதிவேடு எப்போது சான்றாகிறது?

ஆந்திரப் பிரதேச மாநில உயர்கல்வி மன்றம் 2020-21 கல்வியாண்டில் இளங்கலைப் பாடத்திட்டத்தைத் திருத்தியபோது, பட்டப்படிப்பில் பத்து மாத இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்கியது. முதலாண்டு முடிந்ததும் 180 மணி நேரச் சமூகச் சேவைத் திட்டம், இரண்டாமாண்டு முடிந்ததும் இரண்டு மாதக் குறுகிய காலப் பயிற்சி, மூன்றாமாண்டில் ஒரு பருவம் முழுவதும் பயிற்சி என்பது அதன் அமைப்பு. ஒவ்வொரு கட்டத்துக்கும் மாணவர் நிரப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகம் ஒன்று உண்டு. அதன் நடுப்பகுதியை நிறைப்பது நாள்வாரிப் பணிப்பதிவு. நாளும் தேதியும் ஒரு கட்டம், அன்றைய பணியின் சுருக்கம் ஒரு கட்டம், கற்றல் விளைவு ஒரு கட்டம், பொறுப்பாளர் கையொப்பம் ஒரு கட்டம். வார இறுதியில் ஒரு வார அறிக்கை.

குறுகிய காலப் பயிற்சிக்கான 100 மதிப்பெண்ணில் இந்தப் பதிவுக்கு மட்டும் 25. மாணவரின் உழைப்பும் ஈடுபாடும், எழுதியதன் சொந்தத் தன்மையும் தரமும், ஒப்படைத்த வேலையோடு அவர் ஒன்றிய விதம், பதிவின் முழுமை ஆகிய நான்கையும் பார்த்து மதிப்பிட வேண்டும் என்பது விதி. புறத்தேர்வாளர் கிடையாது. வழிகாட்டி ஆசிரியர் ஒருவரே நீதிபதி.

அந்த நீதிபதி சம்பவ இடத்தில் இருந்தவர் அல்லர் என்பதே இங்குள்ள அடிப்படைச் சிக்கல். திருப்பதியில் உள்ள கல்லூரியில் ஆசிரியர் இருக்கிறார். மாணவர் சுமார் 70 கிலோமீட்டருக்கு அப்பால், சித்தூரில் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையில் நிற்கிறார். ஆசிரியரின் கைக்கு வருவது புத்தகம் மட்டுமே. உண்மையிலேயே இரண்டு மாதம் நின்று வேலை பார்த்தவரின் புத்தகமும், முந்தைய ஆண்டு மாணவரிடம் வாங்கி ஒரே இரவில் பார்த்தெழுதியவரின் புத்தகமும் ஒரே மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்படும். இரண்டிலும் 'தரக் கட்டுப்பாடு பற்றி அறிந்துகொண்டேன்' என்ற வரி இருக்கும். பார்த்தெழுதியவருடையது பெரும்பாலும் அழகாகவும் இருக்கும். உழைத்தவர் தன் உழைப்பை நிரூபிக்க வழியின்றித் தோற்பது இந்த இடத்தில்தான். ஆகவே கேள்வி எளியது: எந்த வகை வரியை உழைத்தவரால் எழுத முடியும், பார்த்தெழுதுபவரால் எழுத முடியாது?

முதலில், எழுதப்படும் வரிகளின் இலக்கணத்தைப் பார்க்கலாம். பதிவேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நிரப்பப்படுகிறது. அறிவியல் நடை என்றால் செயப்பாட்டு வினை என்று பள்ளியிலிருந்தே பழக்கியிருக்கிறோம். எனவே 'மாதிரி சேகரிக்கப்பட்டது', 'பிரிக்ஸ் அளவு சோதிக்கப்பட்டது' என்ற அமைப்பே எல்லாக் கட்டங்களிலும் வந்து அமர்கிறது. இந்த அமைப்பில் எழுவாய் மறைந்துவிடுகிறது. சோதித்தது மாணவியா, ஆய்வகப் பணியாளரா? மாணவி அருகில் நின்று பார்த்தாரா, அல்லது இப்படிச் சோதிப்பார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டாரா? மூன்றும் ஒரே வாக்கியமாகிவிடுகின்றன. கற்றலின் அளவில் மூன்றும் மூன்று வேறு நிலைகள்; அவற்றைப் பிரித்துக் காட்டுவதற்குத்தான் பதிவேடு இருக்கிறது. பிரிக்க மறுக்கும் வாக்கியத்தால் அதை நிரப்பினால் எஞ்சுவது தொழிற்சாலையைப் பற்றிய தகவல் மட்டுமே. மாணவியைப் பற்றிய தகவல் அதில் இராது.

வியப்பு என்னவென்றால், சித்தூர் வட்டாரத்தில் புழங்கும் இரு மொழிகளுமே இந்த வேறுபாட்டைத் தம் இலக்கணத்தில் வைத்திருக்கின்றன. தமிழில் 'வந்தான்' என்பதும் 'வந்தானாம்' என்பதும் ஒன்றல்ல. 'ஆம்' சேர்ந்தவுடன், இது நான் கண்டதல்ல, கேட்டது என்ற பொறுப்புத் துறப்பு வந்துவிடுகிறது. தெலுங்கில் 'வச்சாடு' என்பது 'வச்சாடட' ஆகும்போதும் அதுவே நிகழ்கிறது. துருக்கி மொழியில், நேரில் கண்ட இறந்தகாலத்துக்கு ஒரு விகுதியும் கேட்டோ ஊகித்தோ அறிந்ததற்கு வேறொரு விகுதியும் உண்டு. மொழியியல் இதைச் சான்றுமூலம் காட்டும் இலக்கணக் கூறு என்று வகைப்படுத்துகிறது. ஆங்கில வினைக்கு இப்படியொரு விகுதி இல்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் தனிச் சொல் போட்டுச் சொல்ல வேண்டும். போடாவிட்டால் இலக்கணம் கண்டிக்காது. வீட்டிலும் தொழிற்சாலைத் தளத்திலும் கண்டதையும் கேட்டதையும் இயல்பாகப் பிரித்துப் பேசும் மாணவி, பதிவேட்டைத் திறந்ததும் அந்தப் பிரிவை இழக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குப் பழக்கிய நடையில் அந்த உண்மைக்கு இடமில்லை.

இதற்கு மருந்து எளியது. ஒவ்வொரு வரியும் 'செய்தேன்', 'கண்டேன்', 'கேட்டேன்' என்ற மூன்று வினைகளுள் ஒன்றில் முடிய வேண்டும். 'கேட்டேன்' என்று எழுதினால் யாரிடம் என்பதும் வேண்டும். பெயர் தேவையில்லை, பொறுப்பு போதும். ஆங்கிலத்தில் எழுதினாலும் இந்த மூன்றுக்கும் தனித்தனி வினைகள் உள்ளன. தன்மை எழுவாயை வெட்கப்படாமல் போட்டால் போதும்.

இதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே பார்ப்போம். வேதியியல் இளங்கலை இரண்டாமாண்டு முடித்த மாணவி ஒருத்தி, தோத்தாபுரி மாம்பழக் காலத்தில் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பெங்களூரா, கிளிமூக்கு என்றெல்லாம் வழங்கும் பழம்தான் தோத்தாபுரி. பழம் வந்து இறங்கி, எடை போட்டு, பழுக்கவைத்து, கழுவி, கொட்டையும் தோலும் நீக்கிக் கூழாக்கி, சூடேற்றிக் கிருமி நீக்கி நிரப்புவது வரை பல நிலைகளில் மாதிரி எடுப்பார்கள். அதில் அடிக்கடி அளக்கப்படுவது பிரிக்ஸ், அதாவது கூழில் கரைந்துள்ள திடப்பொருளின் அளவு. அதில் பெரும்பகுதி சர்க்கரை. தோத்தாபுரிக் கூழுக்குக் குறைந்தது 14 பிரிக்ஸ் வேண்டும் என்று வாங்குவோர் கேட்பது வழக்கம். அளக்கும் கருவி ஒளிவிலகல்மானி. கண்ணாடிப் பட்டகத்தின் மேல் ஒரு துளி வைத்து, மூடியைச் சாய்த்து, கண்ணால் கோட்டைப் படிக்கும் கைக்கருவி.

முதல் நாள் அவர் இப்படி எழுதலாம்: 'ஒளிவிலகல்மானி மூலம் பிரிக்ஸ் சோதிக்கப்பட்டது. கற்றல் விளைவு: பிரிக்ஸ் சோதனை பற்றி அறிதல்.' இந்த இரண்டு வரிகளை எழுதச் சித்தூருக்குப் போக வேண்டியதில்லை. வேதியியல் துறையில் உட்கார்ந்தே எழுதலாம். போவதற்கு முதல் நாளே எழுதலாம். ஒரு வரி சான்றாகுமா என்று அறிய இதுவே நல்ல உரைகல்: அந்த இடத்துக்குப் போவதற்கு முன்பே எழுதியிருக்கக்கூடிய வரியா? ஆம் எனில் அது சான்றல்ல.

அதே நாளை அவர் வேறு விதமாகவும் எழுதலாம்:

'கூழாக்கும் இடத்திலிருந்து சூடான மாதிரி கொண்டுவந்தேன். துளியை வைத்தவுடன் படித்தேன்: 13.5. மூடியைத் திறக்காமல் ஒரு நிமிடம் கழித்து அதே துளியைப் படித்தேன்: 14.1. எது சரி என்று தெரியவில்லை. ஆறிய பிறகே படிக்க வேண்டும் என்று ஆய்வகப் பொறுப்பாளர் சொல்லக் கேட்டேன். காரணத்தை நாளை கேட்க வேண்டும். கற்றல் விளைவு: ஒரே துளி இரண்டு எண் காட்டும் என்று இதுவரை எனக்குத் தெரியாது.'

இரண்டாம் நாள்:

'நேற்று எண் ஏறியதற்கு நீர் ஆவியானது காரணமாக இருக்கலாம் என்று நினைத்தேன். அதைச் சோதிக்க, சூடான மாதிரியை மூடிய குப்பியில் வைத்து அறை வெப்பத்துக்கு ஆறவிட்டு, புதிய துளி எடுத்துப் படித்தேன்: 14.1. மூடிய குப்பியில் நீர் குறைய வழியில்லை. ஆகவே ஆவியாதல் காரணமல்ல. சூடு ஏறினால் ஒளிவிலகல் எண் குறையும் என்பது பாடத்தில் படித்தது, இன்று கண்டேன். கருவியின் அளவுகோல் 20 பாகை செல்சியஸுக்கு அமைந்தது என்று அதன் மேலேயே எழுதியிருக்கக் கண்டேன். அறையில் 31 பாகை. திருத்த அட்டவணை உண்டு என்று கேட்டேன், இன்னும் பார்க்கவில்லை.'

மூன்றாம் நாள்:

'திருத்த அட்டவணையைப் பார்த்தேன். 31 பாகையில், இந்தச் செறிவுக்குச் சுமார் 0.8 கூட்ட வேண்டும். 14.1 என்பது 14.9 ஆகிறது. முதல் நாள் நான் படித்த 13.5-ஐ அப்படியே எழுதிக் கொடுத்திருந்தால் நல்ல கூழ் குறைந்ததாகக் கணக்காகியிருக்கும். கற்றல் விளைவு: எண்ணோடு வெப்பநிலையையும் எழுதாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. இன்றுமுதல் இரண்டையும் எழுதுகிறேன்.'

இந்தப் பதிவில் அரிய சொல் எதுவும் இல்லை. ஆனாலும் திருப்பதியில் இருக்கும் ஆசிரியர் இதை ஏற்பதற்குக் காரணங்கள் உண்டு. எண்கள் தற்செயலானவை, ஆனால் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இந்தச் செறிவில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.07 பிரிக்ஸ் மாறும் என்பதை வேதியியல் ஆசிரியர் கணக்கிட்டுப் பார்க்கலாம். 13.5-க்கும் 14.1-க்கும் உள்ள 0.6 வேறுபாடு எட்டு ஒன்பது பாகை வெப்ப வேறுபாட்டுக்குச் சரியாக வருகிறது. தவறான ஊகம் ஒன்று பதிவில் இருக்கிறது. அது எப்படி விழுந்தது என்பதும் இருக்கிறது. முதல் நாளின் 'கேட்டேன்' இரண்டாம் நாளில் 'கண்டேன்' ஆகி, மூன்றாம் நாளில் 'செய்தேன்' ஆகிறது. கற்றல் என்பது இந்த வினைமாற்றம்தான். அதைப் பதிவு தன் வாக்கிய அமைப்பிலேயே காட்டிவிடுகிறது. தனியாக அறிவிக்கத் தேவையில்லை.

வார அறிக்கையும் இதனால் எளிதாகிறது. இப்போது பெரும்பாலான வார அறிக்கைகள் ஆறு நாள் வரிகளை ஒட்டித் தைத்தவை. மேற்கண்ட மாணவி தன் வார அறிக்கையில், திங்களன்று எழுந்த கேள்வி புதனன்று எப்படித் தீர்ந்தது, எது இன்னும் தீரவில்லை என்ற இரண்டை மட்டும் எழுதினால் போதும். நாள்வாரிப் பதிவுக்குத் திருப்பிச் சுட்டும் வார அறிக்கையைப் பிற்பாடு புனைவது கடினம். ஒரு பொய்யை ஏழு இடங்களில் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு வைப்பது, உண்மையை ஒரே இடத்தில் எழுதுவதைவிட அதிக வேலை.

எழுதும் முறையிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. புத்தகம் பெரியது, தளத்தில் கூழும் நீரும் தெறிக்கும் இடத்தில் அதைத் திறக்க முடியாது. எனவே சட்டைப்பையில் ஒரு சிறு நோட்டு வேண்டும். அதில் தமிழிலோ தெலுங்கிலோ, வாயில் வரும் மொழியில், நேரத்தோடு குறித்துக்கொள்ள வேண்டும். அன்று மாலையே அதிலிருந்து புத்தகத்துக்குப் பெயர்த்தெழுத வேண்டும். பெயர்த்த பிறகும் சிறு நோட்டை எறியக் கூடாது. வாய்மொழித் தேர்வில் ஐயம் எழுந்தால் காட்டத் தக்க முதல்நிலைச் சான்று அதுவே. தவறாக எழுதியதை அடித்துக் கறுப்பாக்காமல், படிக்கும்படி ஒற்றைக் கோடு போட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதுவது ஆய்வகக் குறிப்பேடுகளின் பழைய ஒழுங்கு. இங்கும் அது பொருந்தும். நீக்கப்பட்ட 13.5 கண்ணில் படவில்லையென்றால் 14.9 எப்படிக் கற்றுக்கொள்ளப்பட்டது என்பதும் தெரியாமல் போகும்.

கையொப்பத்தைப் பற்றி ஒரு சொல். பொறுப்பாளர் பல இடங்களில் வாரக் கடைசியில், சில இடங்களில் கடைசி நாளன்று மொத்தமாகக் கையெழுத்திடுகிறார். அவர் வேலை அப்படி. ஆனால் அந்தக் கையெழுத்து சொல்வது, இவர் வந்திருந்தார் என்பதை மட்டுமே. இவர் கற்றார் என்று அது சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. வருகைச் சான்றைக் கற்றல் சான்றாக எடுத்துக்கொள்வது ஆசிரியர்கள் செய்யும் குழப்பம். அன்றன்று கையெழுத்து கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், பதிவின் உள்ளடக்கம் தானே நிற்கும்படி எழுதியிருக்க வேண்டும்.

வேலையில்லாத நாள்களை என்ன செய்வது என்பதே மாணவர்களை அதிகம் அஞ்சவைக்கும் கேள்வி. பழம் வரவில்லை, இயந்திரம் நின்றது, ஆய்வகத்தில் ஆளில்லை, நாள் முழுதும் பெட்டி எண்ணச் சொன்னார்கள். 'முழுமை' என்ற அளவுகோலுக்கு அஞ்சி அந்த நாளையும் 'தரச் சோதனை' என்று நிரப்புகிறார்கள். இதனால் இழப்பு இருமடங்காகிறது. அந்த நாளும் பொய்யாகிறது. மற்ற நாள்களின் நம்பகமும் குறைகிறது. ஓர் ஆண்டில் சில மாதங்களே ஓடும் பருவகாலத் தொழில் இது. இரண்டு மாதமும் ஒரே சீராக வேலை நடந்தது என்று சொல்லும் பதிவையே ஆசிரியர் ஐயுற வேண்டும். 'இன்று பழம் வரவில்லை. காரணம் கேட்டேன், முந்தைய நாள் மழை என்றார்கள். பெட்டிகள் எண்ணினேன்' என்ற வரி குறைவானதல்ல. மூலப்பொருள் எப்படி மழையைச் சார்ந்திருக்கிறது என்று அதில் ஒரு செய்தியும் இருக்கிறது.

சொல்லில் அடங்காத திறன்களும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பழத்தைத் தொட்டுப் பார்த்தே உள்ளே பழுத்துவிட்டதா என்று சொல்லும் தொழிலாளியிடம் எப்படி என்று கேட்டால் அவரால் விளக்க முடியாது. மாணவியாலும் அதை விளக்கி எழுத முடியாது. ஆனால் கணிப்பையும் முடிவையும் எழுத முடியும். பத்துப் பழங்களைத் தொட்டு முதலில் தன் கணிப்பைக் குறித்து, பிறகு அறுத்துப் பார்த்து, எத்தனை சரி என்று எழுதலாம். முதல் வாரம் ஐந்து, நான்காம் வாரம் எட்டு என்றால், விளக்க முடியாத திறன் வளர்ந்ததற்கும் சான்று கிடைத்துவிடுகிறது. கணிப்பை அறுப்பதற்கு முன்பே எழுத வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பின்பு எழுதினால் எல்லோருக்கும் பத்துக்குப் பத்து வரும்.

மாணவர்கள் மட்டும் மாறினால் போதாது. கோடு போட்டுத் திருத்திய, 'தெரியவில்லை' என்று எழுதிய, ஒரு நாள் வெறும் மூன்று வரியோடு நிற்கும் புத்தகத்துக்குத் தூய்மை இல்லை என்று மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர் இருக்கும்வரை, பார்த்தெழுதுவதே அறிவுடைய செயலாகத் தெரியும். 'சொந்தத் தன்மை' என்று விதியிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. அதற்குப் பொருள் கொடுப்பது ஆசிரியரின் பொறுப்பு. பல மாணவர்களின் புத்தகங்களை ஒரே வாரத்தில் பார்க்க வேண்டிய ஆசிரியருக்கு எல்லா வரியையும் சோதிக்க நேரமில்லை என்பது உண்மை. ஒவ்வொரு புத்தகத்திலும் ஏதேனும் ஒரு வரியில் விரல் வைத்து, 'இது நீ செய்ததா, கண்டதா, கேட்டதா?' என்று மட்டும் வாய்மொழித் தேர்வில் கேட்டால் போதும். உழைத்த மாணவி உடனே பதில் சொல்வார். பெரும்பாலும் கேட்டதைவிட அதிகமாகவே சொல்வார். அந்தக் கேள்வி வரும் என்று ஒரு துறையில் தெரிந்துவிட்டால், அடுத்த ஆண்டு பழைய புத்தகங்களைத் தேடி வருபவர்கள் குறைவார்கள்.

தொழிற்சாலையின் நலனையும் காக்க வேண்டும். வாங்குவோர் பெயர், விலை, கலவை விவரம் போன்றவை பதிவேட்டுக்குள் வரத் தேவையில்லை. தொகுதி எண்ணை எழுதுவதாக இருந்தால் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொள்வது முறை. ஆசிரியர் மதிப்பிடுவது மாணவியின் அறிவு எப்படி நகர்ந்தது என்பதை. அதற்கு 13.5, 14.1, 31 பாகை என்ற மூன்று எண்களும், அவற்றின் பக்கத்தில் நேர்மையாக எழுதிய மூன்று வினைச்சொற்களும் போதும்.